காசு கட்டியாச்சு, ஆனா விளம்பரமும் போகல, 4K-வும் வரல: உங்க ப்ளான்ல என்னதான் இருக்குன்னு கண்டுபிடிக்கிற வழி

சப்ஸ்க்ரிப்ஷன் ஆக்டிவ்னு காட்டுது, பேங்க்ல காசும் போயிடுச்சு, ஆனா படம் போட்டா முதல்ல விளம்பரம்தான் வருது, இல்லன்னா புது 4K டிவில பழைய சிடி போட்ட மாதிரி மங்கலா ஓடுது. உடனே நாம என்ன பண்றோம், ஆப்-ஐ அழிச்சு திரும்ப போடுறது, ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்றது, கஸ்டமர் கேருக்கு கோவமா மெசேஜ் போடுறது. இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி ஒண்ண மட்டும் பாருங்க, நீங்க எடுத்திருக்க ப்ளானோட முழுப்பேர். ஆக்டிவ்னு காட்டுறதுக்கு அர்த்தம் காசு வந்து சேர்ந்துடுச்சுன்னு மட்டும்தான். விளம்பரம் வருமா, அதிகபட்சம் எவ்ளோ குவாலிட்டி, எந்தெந்த டிவைஸ்ல ஓடும், ஒரே நேரத்துல எத்தன பேர் பாக்கலாம், இந்த நாலும் ப்ளானுக்கு ப்ளான் தனித்தனியா முடிவாகுது. நாலும் சேர்ந்தே ஏறும் சேர்ந்தே இறங்கும்னும் கிடையாது, விளம்பரம் இல்லாத ப்ளான்ல 4K இல்லாம இருக்கும், அங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி: அக்கவுண்ட் பேஜ்

டிவி ஆப்ல தேடாதீங்க, அங்க பாதி விவரம் இருக்காது. ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ ப்ரவுசர தொறந்து அக்கவுண்ட் பேஜுக்கு நேரா போங்க. நெட்ஃப்ளிக்ஸ்னா `netflix.com/account`, யூட்யூப்னா `youtube.com/paid_memberships`, மத்ததுக்கு அவங்கவங்க சைட்ல அக்கவுண்ட் செட்டிங்ஸ்னு இருக்கும்.

அங்க மூணு விஷயம் குறிச்சு வச்சுக்கோங்க. முதல்ல ப்ளான் பேரு, கடைசி வார்த்தை வரைக்கும். நெட்ஃப்ளிக்ஸ்ல `Standard`னு ஒண்ணு, `Standard with ads`னு ஒண்ணு, ரெண்டும் வேற வேற ப்ளான், ஆனா கேட்டா எல்லாரும் "ஸ்டாண்டர்ட் எடுத்திருக்கேன்"னுதான் சொல்லுவாங்க. யூட்யூப்லயும் இதே கூத்துதான், `Premium`, `Premium Lite`, `Music Premium` மூணுலயும் ப்ரீமியம்ங்கற வார்த்தை இருக்கு, மூணும் குடுக்கறது வேற.

ரெண்டாவது, காசு யார் வழியா போகுது. நேரா அந்த கம்பெனிக்கா, ஆப் ஸ்டோர் வழியாவா, இல்ல மொபைல் ரீசார்ஜ், பிராட்பேண்ட் பேக்கேஜோட சேர்ந்து வந்ததா. இது ஏன் முக்கியம்னு கீழ வருது. மூணாவது, எந்த இமெயில் அல்லது எந்த நம்பர். டிவில லாகின் ஆகியிருக்கறதும் இதே இமெயில்தானான்னு அப்பவே போய் பாத்துடுங்க. வீட்ல ஒருத்தர் எப்பவோ ஃப்ரீ ட்ரையலுக்கு போட்ட அக்கவுண்ட் டிவில உக்காந்திருக்கும், காசு கட்டுன அக்கவுண்ட் ஃபோன்ல மட்டும் இருக்கும்.

"எதப் போட்டாலும் விளம்பரம் வருது"

எல்லா படத்துலயும், எல்லா எபிசோட்லயும், எல்லா டிவைஸ்லயும் விளம்பரம் வருதுன்னா பெரும்பாலும் ப்ளானே விளம்பரத்தோட வர்ற ப்ளான்தான். ரிப்பேர் ஒண்ணும் இல்ல. கம்மி விலை ப்ளான்னு பாத்து எடுத்திருப்போம், இல்ல ஏதோ ஒரு பேக்கேஜ்ல இலவசமா வந்திருக்கும். பேக்கேஜ்ல வர்றது பல நேரம் கீழ் தட்டு ப்ளான்தான், விளம்பரத்துல பேரு மட்டும் பெருசா போட்டு ப்ளான் பேர சின்னதா போட்டிருப்பாங்க.

இதுல இன்னொரு வகை, ப்ளான மாத்தவே இல்ல, ஆனா முன்ன வராத விளம்பரம் இப்ப வருதுங்கறது. ப்ரைம் வீடியோ இதுக்கு நல்ல உதாரணம். 2024 ஜனவரி 29-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு அப்பறம் ஒவ்வொரு நாடா, வழக்கமான மெம்பர்ஷிப்ப விளம்பரத்தோட வர்றதா மாத்திட்டாங்க, விளம்பரம் வேணாம்னா அதுக்கு மேல தனியா ஒரு ஆட்-ஆன் வாங்கணும். ஆக பழைய மெம்பர் ஒருத்தர் "நான் வருஷக் கணக்கா ப்ரைம்ல இருக்கேன்"னு சொல்றது உண்மைதான், ஆனா அவர் கையில இருந்த ப்ளானே பேர் மாறாம உள்ளுக்குள்ள மாறிப்போச்சு. இதுக்கு செட்டிங்ஸ்ல தேடி பிரயோஜனம் இல்ல, அக்கவுண்ட் பேஜ்ல விளம்பரம் இல்லாத ஆட்-ஆன் ஓடுதா இல்லையான்னு மட்டும் பாத்தா போதும்.

ஒரே வீட்ல "எனக்கு விளம்பரம் வருது, புள்ளைக்கு வரல"ன்னா குழம்பிக்காதீங்க. நெட்ஃப்ளிக்ஸோட விளம்பர ப்ளான்ல குழந்தைங்க ப்ரொஃபைல்ல விளம்பரம் காட்ட மாட்டாங்க. அதனால குழந்தை ப்ரொஃபைல்ல போட்டு பாத்துட்டு "ஆட் ஃப்ரீ ப்ளான்தான் போல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, பெரியவங்க ப்ரொஃபைல்ல போட்டு பாருங்க. அதே ப்ளான்ல இன்னொரு அடையாளமும் இருக்கு, சில படங்க மேல பூட்டு படம் இருக்கும், தொட்டா ப்ளான மாத்தச் சொல்லும். விளம்பரத்தோட காட்ட லைசென்ஸ் கிடைக்காத படங்க அது. பூட்டு தெரிஞ்சா ப்ளான் எதுன்னு வேற எங்கயும் போய் பாக்க வேண்டியதே இல்ல.

யூட்யூப்ல "ப்ரீமியம் வாங்கியும் எல்லா வீடியோலயும் விளம்பரம் வருது"ன்னா அது பெரும்பாலும் அக்கவுண்ட் குழப்பம். எந்த அக்கவுண்ட்ல வாங்குனீங்களோ அதுக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஒரே ஜிமெயிலுக்குள்ள ரெண்டு சேனல் இருந்தா, ஒண்ணுல வாங்குனது இன்னொண்ணுக்கு போகாது, ரெண்டுக்கும் ஒரே இமெயில்தானேன்னு நாம நெனைப்போம். உங்க ப்ரொஃபைல் போட்டோவ தட்டி எந்த சேனலா இருக்கீங்கன்னு பாருங்க, மாத்தி பாருங்க, பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும். ஃபேமிலி ப்ளான்னா, இன்விடேஷன் வந்த ஆள் அவரோட சொந்த அக்கவுண்ட்ல போய் அத ஏத்துக்கணும், மெயில் இன்பாக்ஸ்ல சும்மா கெடந்தா ஒண்ணும் ஆகாது.

"சிலதுல மட்டும் விளம்பரம் வருது, சிலதுல இல்ல"

இதுதான் ரொம்ப எரிச்சலான கேஸ், ஏன்னா ஏதோ பாதி வேலை செய்யற மாதிரி தெரியுது, அதனால ஆப்தான் கெட்டுப்போச்சுன்னு தோணும். நிதானமா எதுல வருது எதுல வரலன்னு ஒரு நாள் கவனிச்சு பாருங்க, ஒரு ஒழுங்கு தெரியும்.

யூட்யூப்ல பாட்டு வீடியோலயும் ஷார்ட்ஸ்லயும் தேடும்போதும் வருது, மத்த வீடியோவுக்கு நடுவுல பெருசா வரலன்னா, உங்ககிட்ட இருக்கறது யூட்யூப்போட `Premium Lite`. அதோட விதியே அதுதான், பெரும்பாலான வீடியோவுல விளம்பரம் இருக்காது, ஆனா இசை சம்பந்தப்பட்டதுல, ஷார்ட்ஸ்ல, தேடும்போது உலாவும்போது வரலாம். அப்படியே தலைகீழா, யூட்யூப் மியூசிக் ஆப்ல பாட்டு கேக்கும்போது சுத்தமா விளம்பரம் இல்ல, யூட்யூப் ஆப்ல வீடியோ பாத்தா வருதுன்னா அது `Music Premium`. ரெண்டுமே ஒழுங்காத்தான் வேலை செய்யுது, நீங்க நெனச்சது முழு `Premium`-ஐ.

வீடியோ பண்றவரே நடுவுல நிறுத்தி "இந்த வீடியோவ ஸ்பான்சர் பண்றது"ன்னு ஆரம்பிச்சா அது எந்த ப்ளான்லயும் போகாது, அது வீடியோவோட ஒரு பகுதி. இத விளம்பரம்னு எண்ணி கம்ப்ளெயிண்ட் பண்றவங்க இருக்காங்க. சுலபமா பிரிச்சு பாக்கலாம், கீழ இருக்க நேரக்கோடு வீடியோவோட சேர்ந்தே ஓடிட்டு இருந்து உங்களால அத தள்ளி முன்னாடி போக முடிஞ்சா, அது வீடியோக்குள்ளயே இருக்கறது.

லைவ்ல மட்டும் வருதுன்னா அதுவும் ப்ளான் கோளாறு இல்ல. விளையாட்டு, லைவ் நிகழ்ச்சி எல்லாம் ஒளிபரப்புலயே விளம்பர இடைவேளையோட வருது, நெட்ஃப்ளிக்ஸ்ல மேல் தட்டு ப்ளான் வச்சிருந்தாலும் லைவ் நிகழ்ச்சில விளம்பர இடைவேளை வரும், ப்ரைம்ல விளம்பரம் வேணாம்னு ஆட்-ஆன் வாங்கினாலும் லைவ் மேட்ச்ல வரும். ஒரு ஆப்க்குள்ளயே வேற கம்பெனி சேனல தனியா காசு கட்டி சேர்த்திருந்தா அதோட விளம்பரம் அந்த சேனல் ப்ளான பொறுத்தது, வெளில இருக்க பெரிய ஆப்போட ஆட்-ஃப்ரீ இங்க வந்து ஒட்டாது.

"படம் ஒரு அளவுக்கு மேல க்ளியராவே ஆகல"

இங்க மங்கலா இருக்குன்னு சொன்னா ஒண்ணும் தெரியாது, எத்தன நம்பர்ல நிக்குதுன்னு தெரியணும். கம்ப்யூட்டர்ல நெட்ஃப்ளிக்ஸ் ஓடும்போது இத அழுத்துங்க:

```
Ctrl + Shift + Alt + D
```

ஸ்கிரீன் மேல நெறைய எழுத்து வரும், அதுல `Playing bitrate`னு இருக்க வரில அடைப்புக்குள்ள 1920x1080 மாதிரி ஒரு அளவு இருக்கும், இப்ப ஓடுறது அதுதான். ஆரம்பிச்ச உடனே பாக்காதீங்க, கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு பாருங்க, முதல்ல கம்மில ஆரம்பிச்சு மெல்ல ஏறும். யூட்யூப்ல வீடியோ மேல ரைட் க்ளிக் பண்ணி `Stats for nerds` எடுத்தா இதே மாதிரி தெரியும்.

இப்ப அந்த அளவுல ரெண்டாவதா இருக்க நம்பர வச்சு யோசிங்க. நெட்ஃப்ளிக்ஸ்ல மொபைல் ப்ளான் 480-ல நிக்கும், ஃபோன் டேப்லெட்டத் தாண்டி டிவில ஓடவே ஓடாது. பேசிக் ப்ளான் 720. `Standard`, `Standard with ads` ரெண்டும் 1080. `Premium` மட்டும்தான் 4K, கலரையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டுற HDR-ம் அதோட வருது. ஆக உங்க நம்பர் ஒவ்வொரு தடவையும் சொல்லி வச்ச மாதிரி இந்த எல்லைலயே போய் முட்டி நிக்குதுன்னா ப்ளான் மேல சந்தேகப்படுங்க. நம்பர் ஏறி இறங்கி ஆடிட்டே இருந்தா, சாயந்திரம் மட்டும் விழுந்தா, அது நெட்டு. ப்ளானுக்கு நேரம் காலம் எல்லாம் தெரியாது.

டிவில அந்த ஷார்ட்கட் வேலை செய்யாது, அங்க இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. 4K-ல இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு நெட்ஃப்ளிக்ஸ் சொந்த தயாரிப்ப எடுங்க, படத்தோட விவரம் வர்ற பக்கத்துல பேருக்கு பக்கத்துல `Ultra HD 4K`னு இருக்கா, இல்ல வெறும் `HD`ன்னு இருக்கா பாருங்க. ப்ளானும் டிவைஸும் ரெண்டும் ஒத்துவந்தாத்தான் அந்த 4K முத்திரை வரும். முத்திரையே வரலன்னா ப்ளான் இல்ல டிவைஸ் ஏதோ ஒண்ணு தடுக்குது, நெட் ஸ்பீட பத்தி இப்ப யோசிக்கவே வேணாம். முத்திரை இருக்கு ஆனா படம் மங்கல்னா ப்ளான் சரி, நெட்டையோ டேட்டா செட்டிங்கையோ பாக்கணும். என்னக் கேட்டா இந்த ஒரு முத்திரையப் பாக்கறது ஆப்-ஐ பத்து தடவ அழிச்சு போடுறத விட மேல்.

யூட்யூப்ல மட்டும் கதை வேற. அங்க 4K பாக்க காசு கட்டவே தேவையில்ல, அப்லோட் பண்ணவர் 4K-ல போட்டிருந்தா ஃப்ரீ அக்கவுண்ட்லயும் வரும். அதனால "ப்ரீமியம் வாங்கியும் 4K வரல"ன்னா காரணம் ப்ளான் இல்ல, வீடியோவே அவ்ளோதான், இல்ல ஆப்ல குவாலிட்டி டேட்டா சேவர்ல இருக்கு. ப்ரீமியத்துல கூடுதலா வர்றது `1080p Premium`னு ஒரு ஆப்ஷன், அதே 1080 தான், ஆனா பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு வர்ற டேட்டா, அதிகம், வேகமா அசையற காட்சில வித்தியாசம் தெரியும். எல்லா வீடியோலயும் அது இருக்காது, குவாலிட்டி லிஸ்ட்ல காணோம்னு பதறாதீங்க.

ரெசல்யூஷன் சரியா இருந்தும் கலரும் சவுண்டும் மட்டும் கம்மியாகறதும் உண்டு. ப்ரைம் வீடியோல விளம்பரம் வந்த சமயத்துலயே டால்பி விஷனையும் டால்பி அட்மாஸையும் விளம்பரம் இல்லாத ஆட்-ஆன் பக்கம் தள்ளிட்டாங்க. "போன வருஷம் இதே டிவில டால்பி விஷன்னு மூலைல காட்டுச்சே"ன்னு சவுண்ட்பாரையும் கேபிளையும் சந்தேகப்பட்டு உக்காந்திருந்தவங்க நெறைய.

ஒரு கேஸ், முழுசா

உதாரணத்துக்கு ஒருத்தர வச்சுக்குவோம். மொபைல் பேக்கேஜோட நெட்ஃப்ளிக்ஸ் வந்திருக்கு, வீட்ல புது 4K டிவி, அதுல ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகி பாக்கறார். புகார் ரெண்டு, விளம்பரம் வருது, 4K வரல.

அக்கவுண்ட் பேஜ்ல பாத்தா `Standard with ads`, பேக்கேஜ் வழியா வந்ததுன்னு போட்டிருக்கு. ரெண்டு புகாருக்கும் ஒரே காரணம் இருக்கற மாதிரி தெரியுதில்ல, அதனால அவர் ஒரு படி மேல ஏறி `Standard`-க்கு மாத்துறார், பேக்கேஜுக்கு மேல வர்ற வித்தியாசக் காச அவர் தனியா கட்டுறார். விளம்பரம் உடனே நின்னுடுச்சு. 4K வரல. வராது, ஏன்னா ஒரு படி ஏறினதுல விளம்பரம் மட்டும்தான் போகும், குவாலிட்டி அதே 1080-லதான் நிக்கும். இந்த எடத்துலதான் முக்கால்வாசி பேர் "காசு வாங்கிட்டு ஏமாத்துறாங்க"ன்னு கெளம்புறது. விளம்பரம் போகணும்ங்கறதும் 4K வேணும்ங்கறதும் ரெண்டு தனி ஆசை, ஒரே அப்கிரேட்ல ரெண்டும் வரணும்னா `Premium` வரைக்கும் போகணும்.

சரின்னு `Premium`-க்கும் மாத்திட்டார். அக்கவுண்ட் பேஜ்ல பேர் மாறியாச்சு, டிவில ஆப்ல லாக்அவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ணியாச்சு. ஆனா படத்து பக்கத்துல இன்னும் `HD`ன்னுதான் இருக்கு. இப்ப ப்ளான் மேல பழி போட முடியாது, அடுத்தது டிவைஸ். இங்கதான் ஒரு சின்ன சோதனை, அதே அக்கவுண்ட், அதே ப்ரொஃபைல், அதே படம், டிவைஸ மட்டும் மாத்துறது. ஸ்டிக்க விட்டுட்டு டிவிக்குள்ளயே இருக்க நெட்ஃப்ளிக்ஸ் ஆப்ல லாகின் பண்ணி பாத்தா `Ultra HD 4K` முத்திரை வந்துடுச்சு. அப்ப ஸ்டிக்தான் 1080 வரைக்கும் போற மாடல், டிவி 4K-ன்னதால ஸ்டிக்கும் 4K ஆயிடாது.

முத்திரை வந்துச்சு, ஆனா அவர் ப்ரொஃபைல்ல ஓட்டினா படம் இன்னும் சுமாரா இருக்கு, மனைவி ப்ரொஃபைல்ல கண்ணாடி மாதிரி இருக்கு. நெட்ஃப்ளிக்ஸ்ல டேட்டா உபயோகம் ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் தனி. எப்பவோ டேட்டா மிச்சம் பண்ண அவர் `Medium`ல போட்டு வச்சிருக்கார், அதுல மணிக்கு 0.7 ஜிபி-க்கு மேல போகாது, 4K-வுக்கு மணிக்கு 7 ஜிபி வரைக்கும் வேணும். ப்ரவுசர்ல அக்கவுண்ட் போய் அந்த ப்ரொஃபைலோட `Playback settings`-ல `High` இல்ல `Auto`ன்னு மாத்தி, டிவில ப்ரொஃபைல விட்டு வெளில வந்து திரும்ப உள்ள போனதும் சரியாயிடுச்சு. நெட் ஸ்பீடும் பாத்துக்கிட்டார், 4K-வுக்கு நெட்ஃப்ளிக்ஸ் சொல்றது 15 எம்பிபிஎஸ், `fast.com`ல அந்த டிவி இருக்க எடத்துல அதுக்கு மேலயே காட்டுச்சு.

பாத்தீங்களா, ஒரே புகாருக்குள்ள மூணு தடை ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருந்துச்சு. ப்ளான மாத்தாம மத்த ரெண்ட சரி பண்ணியிருந்தாலும் 4K வந்திருக்காது, அதனாலதான் ப்ளான்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்றது, அடுத்து டிவைஸ், கடைசில செட்டிங்கும் நெட்டும்.

"அப்கிரேட் பண்ணிட்டேன், ஒண்ணும் மாறல"

முதல்ல அப்கிரேட் உண்மையாவே நடந்துச்சா பாருங்க. நெட்ஃப்ளிக்ஸ்ல மேல் ப்ளானுக்கு போனா உடனே மாறிடும், கீழ் ப்ளானுக்கு இறங்கினா அடுத்த பில்லிங் தேதி வரைக்கும் பழசே ஓடும். ஆக மேல ஏறிட்டு அக்கவுண்ட் பேஜ்ல இன்னும் பழைய பேரே இருந்தா பேமெண்ட் எங்கயோ நின்னிருக்கு, காத்திருந்து பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, வீட்ல வேற யாரோ மாசக் கடைசில "காஸ்ட்லியா இருக்கே"ன்னு கீழ எறக்கி விட்டிருப்பாங்க, பில்லிங் தேதி அன்னிக்கு காலைல திடீர்னு 4K காணாமப் போகும், நேத்து நல்லா இருந்துச்சேன்னு தலைய பிச்சுக்குவீங்க.

காசு யார் வழியா போகுதுன்னு குறிச்சு வச்சோமே, அது இங்கதான் வேலைக்கு ஆகும். ஆப் ஸ்டோர் இல்ல வேற கம்பெனி வழியா எடுத்திருந்தா, சில நேரம் ப்ளான மாத்துற பட்டனே அந்த சைட்ல இருக்காது, காசு வாங்குறவங்க பக்கம் போய்தான் மாத்தணும். அத விட மோசம், பேக்கேஜ்ல வந்தத லிங்க் பண்ணாமயே விட்டுட்டு, பழைய கீழ் ப்ளானுக்கு கார்டுலயும் காசு போயிட்டு இருக்கறது. பேக்கேஜ் எடுத்தா மட்டும் பத்தாது, அவங்க அனுப்புற லிங்க்ல போய் உங்க அக்கவுண்ட்டோட சேர்க்கணும், அதுவும் எந்த இமெயில்ல சேர்க்குறோம்ங்கறத பாத்து சேர்க்கணும்.

டவுன்லோட் பண்ணி வச்ச படம் மட்டும் பழைய குவாலிட்டிலயே இருக்குன்னா அது அப்படித்தான், அந்த ஃபைல் பழைய ப்ளான்ல இறங்கினது. அழிச்சிட்டு, டவுன்லோட் குவாலிட்டிய மேல வச்சுட்டு மறுபடி இறக்குங்க.

"ப்ளான் மேல் தட்டுதான், ஆனா இந்த ஒரு டிவைஸ்ல மட்டும் வரல"

வேற டிவைஸ்ல வருது இதுல வரலன்னா ப்ளான விட்டுடுங்க. கம்ப்யூட்டர்னா ப்ரவுசர பாருங்க, நெட்ஃப்ளிக்ஸ் எல்லா ப்ரவுசர்லயும் 4K வரைக்கும் போகாது, 4K வேணும்னா விண்டோஸ்ல எட்ஜ், மேக்ல சஃபாரி, அதுக்கும் ஓரளவு புது மெஷின் வேணும்.

ஆண்ட்ராய்ட் ஃபோன்ல காசு கட்டியும் 480-லயே நிக்குதுன்னா நெட்ஃப்ளிக்ஸ் ஆப்ல `App Settings` போய் `Playback Specification` பாருங்க. படத்த காப்பி அடிக்காம பாதுகாக்கற `Widevine`ங்கற முறைக்கு ஒரு வரி இருக்கும், அதுல `L1` இருக்கணும், `L3`ன்னு இருந்தா அந்த ஃபோனுக்கு எச்டி அனுமதி கிடையாது, எந்த ப்ளான் வாங்கினாலும் மாறாது. மொபைல் ப்ளான்ல இருக்கறவங்களுக்கும் இதே 480 தான் தெரியும்ங்கறதால ரெண்டையும் போட்டு குழப்பிக்குவாங்க, `L1` இருந்து 480-ல நின்னா பெரும்பாலும் ப்ளான், `L3` இருந்தா ஃபோன். ஃபோன் `L3`ன்னு தெரிஞ்சப்பறம் அந்த ஃபோனுக்காக மட்டும் மேல் ப்ளான் வாங்குறது வேஸ்ட், அந்த காசுக்கு ஒண்ணும் கிடைக்காது.

வெளி பாக்ஸ் வழியா டிவிக்கு போறதுன்னா நடுவுல இருக்க எல்லாமே எச்டிசிபி 2.2-ங்கற காப்பி தடுப்பு முறைக்கு ஒத்துவரணும், பாக்ஸ், ரிசீவர், டிவியோட அந்த எச்டிஎம்ஐ போர்ட் எல்லாம். சில டிவில ஒண்ணு ரெண்டு போர்ட்தான் அதுக்கு ஏத்தது, கேபிள வேற போர்ட்ல சொருகி பாக்க ஒரு நிமிஷம் ஆகாது.

கஸ்டமர் கேருக்கு போறதுன்னா

"4K வரல"ன்னு மட்டும் எழுதினா ஆப்-ஐ ரீஇன்ஸ்டால் பண்ணுங்கன்னு ரெடிமேட் பதில்தான் வரும், நாலு தடவ அதையே அனுப்புவாங்க. அக்கவுண்ட் பேஜ்ல இருக்க ப்ளானோட முழுப்பேர், காசு யார் வழியா போகுது, எந்த படத்துல, எந்த டிவைஸ்ல, எத்தன ரெசல்யூஷன்ல நிக்குது, அதே படம் வேற டிவைஸ்ல எப்படி இருக்கு, இத ஒரே மெசேஜ்ல போடுங்க, அக்கவுண்ட் பேஜோட ஸ்க்ரீன்ஷாட்டும் படத்து பக்கத்துல `HD`ன்னு காட்டுற போட்டோவும் சேர்த்து. பேக்கேஜ்ல வந்ததுன்னா முதல்ல பேக்கேஜ் குடுத்தவங்ககிட்ட "எந்த ப்ளான் சேர்த்திருக்கீங்க, முழுப்பேர் சொல்லுங்க"ன்னு எழுத்துல வாங்கிடுங்க. அவங்க சொன்ன பேரும் அக்கவுண்ட் பேஜ்ல இருக்க பேரும் வேற வேறன்னா ரீஃபண்ட் கேக்கவோ மாத்தி தரச் சொல்லவோ அதுவே போதும். ரெண்டும் ஒண்ணா இருந்து, அந்த ப்ளான்லயே 4K இல்லன்னு போட்டிருந்தா, கம்ப்ளெயிண்ட்ல நேரத்த போடாதீங்க, வித்தியாசக் காச கட்டலாமா வேணாமான்னு மட்டும் யோசிங்க.